காதுச் சோணையில் ஒரு கீறல்: தொழுநோய்க் கிருமியை ஸ்லைடில் தேடும் முறை

சேலத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கும் இரண்டு பிள்ளைகள் போன வாரம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். காசநோய்க்குச் சளியைக் கல்ச்சர் போட்டு வளர்த்துப் பார்க்கிறோமே, தொழுநோய்க்கு மட்டும் ஏன் தோலைக் கீறி ஸ்லைடில் தேடிக்கொண்டே இருக்கிறோம்? நல்ல கேள்வி. இதற்குப் பதில் புரிந்துவிட்டால், ஸ்லைடு போடும்போது ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதும் தானாகவே புரியும். அதனால் அதை முதலில் சொல்லிவிட்டு, ஏற்காட்டுப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவரின் ஸ்லைடை வைத்து முறையை விளக்குகிறேன்.

இந்தக் கிருமி ஏன் தட்டில் வளராது

மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற இந்தக் கோல் வடிவக் கிருமியை நார்வே நாட்டில் ஹான்சன் 1873ல் கண்டுபிடித்தார். மனிதனுக்கு நோய் தரும் கிருமிகளில் மிக முந்திக் கண்ணில் பட்டவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் இன்றுவரை யாராலும் இதைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியவில்லை. முட்டை ஊடகம், அகார், குழம்பு என்று எதில் போட்டாலும் வளராது.

காரணம் அதன் மரபணுவில் இருக்கிறது. 2001ல் முழு மரபணு வரிசையும் வெளியானது. அதற்கு எடுத்துக்கொண்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது, அதனால் அந்த வகைக்கு டி.என். என்றே பெயர். அதைப் படித்துப் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: இதன் உறவான காசநோய்க் கிருமியில் சுமார் 4,000 மரபணுக்கள் வேலை செய்கின்றன, இதிலோ சுமார் 1,600 மட்டுமே. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பழுதாகிச் செயலிழந்து கிடக்கின்றன. சத்துப் பொருளை உடைத்துச் சக்தி எடுக்கும் பாதைகள் பல போய்விட்டன. வெளியிலிருந்து இரும்புச் சத்தைப் பிடித்து வரும் பொருளைத் தயாரிக்கும் திறனும் போய்விட்டது. வெகு காலமாக மனித செல்லுக்குள்ளேயே குடியிருந்து, அங்கே கிடைப்பதைத் தின்று பழகியதில் தானாகப் பிழைக்கும் வழி ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டது. எந்தச் சத்தைக் கொடுத்தால் அந்தக் குறை முழுவதும் தீரும் என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அதனால்தான் தட்டு காலியாகவே இருக்கிறது.

இன்னொன்று வேகம். குடலில் இருக்கும் ஈ.கோலை நல்ல ஊடகத்தில் இருபது நிமிடத்தில் இரண்டாகும், காசநோய்க் கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், தொழுநோய்க் கிருமியோ இரண்டாக ஆவதற்கு ஏறக்குறைய 13 நாள் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிருமி பத்து லட்சமாக இருபது தடவை இரட்டிக்க வேண்டும், கணக்குப் போட்டால் எட்டரை மாதம். ஆராய்ச்சிக்கு வேண்டுமானால் எலியின் பாதத்தில் ஊசி போட்டு வளர்க்கலாம் என்று 1960ல் ஷெப்பர்ட் காட்டினார். பிறகு ஆர்மடிலோ என்ற ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கிலும் வளர்த்தார்கள். அதன் உடல் வெப்பம் 32 முதல் 35 டிகிரிதான். எலியின் பாதமும் அதன் உடலைவிடக் குளிர்ச்சியானது. இந்தக் கிருமிக்குக் கொஞ்சம் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும்.

நம் வேலைக்கு வேண்டிய செய்தி இந்தக் கடைசி வரிதான். மனித உடம்பில் குளிர்ந்த இடங்கள் எவை? காதுச் சோணை, மூக்கு, முகம், முழங்கை, முட்டி. அதனால்தான் தோடு குத்தும் அந்தச் சதையை நாம் முதலில் தேடிப் போகிறோம்.

பெரியவரின் காது

அவருக்குத் தேமலும் இல்லை, மரத்துப் போன படையும் இல்லை. முகத்தோல் லேசாகப் பளபளவென்று தடித்திருந்தது, புருவத்தின் வெளிப்பக்கம் முடி கொட்டியிருந்தது, இரண்டு சோணையும் கனத்துத் தொங்கின. மருத்துவர் நான்கு இடம் எழுதிக் கொடுத்தார்: வலது சோணை, இடது சோணை, நெற்றி, வலது முன்கை. "ஏம்மா, காதுல எதுக்கு வெட்டறீங்க?" என்று பெரியவர் கேட்டார். "வெட்டலீங்கய்யா, சின்னக் கீறல்தான், கிருமி அங்கதான் அதிகமா ஒளிஞ்சிருக்கும்" என்றேன்.

சரி, எப்படி எடுப்பது? கையுறை, ஆளுக்கொரு புதிய 15ஆம் எண் பிளேடு. இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஸ்பிரிட் நன்றாக உலரும்வரை விடுங்கள். பிறகு தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மடித்து, வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை அழுத்திப் பிடியுங்கள். இந்தப் பிடிதான் முழுக் காரியமும். பிடி தளர்ந்தால் ரத்தம் வந்துவிடும், வேலை முடியும்வரை விடவே கூடாது.

5 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல். ஆழம் முக்கியம். மேல்தோலைச் சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது, கிருமி அதற்குக் கீழே உள்தோலில் இருக்கிறது. கீறிய பிறகு பிளேடை நேர்குறுக்காகத் திருப்பி, கீறலின் உட்சுவரை ஒரே திசையில் இரண்டு மூன்று தடவை வழியுங்கள். நுனியில் கூழ் மாதிரி கொஞ்சம் சதைநீர் ஒட்டும், அதுதான் நமக்கு வேண்டியது. லேசான இளஞ்சிவப்பு இருந்தால் பரவாயில்லை. சொட்டாக ரத்தம் இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி வழியுங்கள். ரத்தம் அதிகமானால் கிருமியின் எண்ணிக்கை நீர்த்துப் போகும், பின்னால் சொல்லப்போகும் அளவுகோலில் 3+ இருக்க வேண்டிய ஸ்லைடு 2+ என்று வரும், அது தெரியவும் தெரியாது.

அதை ஸ்லைடில் வட்டமாக, 5 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீராகத் தடவுங்கள். அடுத்த இடத்துக்குப் போகும் முன் பிளேடை ஸ்பிரிட் பஞ்சில் துடைத்துச் சுடரில் காட்டி ஆற விடுங்கள். நோயாளியின் எண்ணை ஸ்லைடில் வைரப் பென்சிலால் எழுதிவிடுங்கள். மை பேனாவில் எழுதினால் நிறமேற்றும்போது ஊற்றும் ஆசிட் ஆல்கஹாலில் அழிந்துவிடும்.

ஏற்காட்டில் எனக்கு ஒரு தொல்லை உண்டு. மார்கழியில் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்துவிடும், தடவியது உலரவே உலராது. பொறுமை போய் ஈரத்தோடு சுடரில் காட்டினேன், சதைநீர் வெந்து சுருங்கி, கழுவும்போது உரிந்துபோய்விட்டது. அந்த ஸ்லைடுகளுக்காக இரண்டு பேரை மறுபடி வரச்சொல்லிக் கீற வேண்டியதாயிற்று, இன்றும் அது மனதை உறுத்துகிறது. கல்ச்சர் என்ற இரண்டாம் வழி இங்கே இல்லை என்பதை அன்றுதான் நன்றாக உணர்ந்தேன். நன்றாக உலர்ந்த பிறகே ஸ்லைடின் அடிப்பக்கத்தைச் சுடரின் மேல் இரண்டு மூன்று தடவை மெதுவாக நகர்த்துங்கள்.

நிறமேற்றுவது

1 சதவீத கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை வடிகட்டி ஸ்லைடு மூழ்க ஊற்றி, அடியிலிருந்து ஆவி வரும்வரை சூடு காட்டுங்கள், கொதிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் ஆவி அடங்கும்போதெல்லாம் மறுபடி காட்டுங்கள், காய்ந்தால் இன்னும் ஊற்றுங்கள். பிறகு குழாயை மெல்லத் திறந்து கழுவி, மற்றவற்றில் ஏறிய சிவப்பை வெளுக்க 1 சதவீத ஆசிட் ஆல்கஹாலைப் பத்து நொடி ஊற்றி, மறுபடி கழுவி, 0.2 சதவீத மெத்திலீன் ப்ளூ ஒரு நிமிடம். கழுவி நிமிர்த்தி உலர்த்துங்கள்.

காசநோய்ச் சளிக்கு இதைவிட வலுவான அமிலம் போடுவோம். அதே பாட்டிலை எடுத்து இங்கே ஊற்றிவிடாதீர்கள். தொழுநோய்க் கிருமி சிவப்பைப் பிடித்து வைத்திருக்கும் வலு குறைவு, வலுவான அமிலத்தில் அதுவும் வெளுத்துப் போகும். ஸ்லைடு சுத்த நீலமாக, அழகாக இருக்கும், கிருமி மட்டும் இருக்காது.

எண்ணுவது

100 எக்ஸ் ஆயில் லென்ஸில் பாருங்கள். லென்ஸில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம்தான் ஒரு ஃபீல்டு. நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்கள், தனியாகவோ சுருட்டுக் கட்டுப் போலவோ, நிறைய சேர்ந்த உருண்டையாகவோ இருக்கும். அந்த உருண்டைக்கு குளோபி என்று பெயர். வடிகட்டாத சாயத்தின் படிகங்களும் சிவப்பாகத்தான் தெரியும், ஆனால் அவை ஓரம் கூராக, அளவு கன்னாபின்னாவென்று, சதைநீருக்கு வெளியேயும் கிடக்கும். இன்னொரு எச்சரிக்கை, ஆயில் லென்ஸை ஒவ்வொரு ஸ்லைடுக்கும் துடையுங்கள். முந்தின ஸ்லைடின் கிருமி எண்ணெயோடு சேர்ந்து அடுத்தவருக்குப் போனால், இல்லாத நோயை நாம் எழுதிவிடுவோம்.

கிருமி எவ்வளவு என்று குறிக்கும் ரிட்லி அளவுகோலில், 100 ஃபீல்டில் மொத்தம் ஒன்று முதல் பத்து இருந்தால் 1+, பத்து ஃபீல்டுக்கு ஒன்று முதல் பத்து என்றால் 2+, ஒரு ஃபீல்டுக்கே சராசரி ஒன்று முதல் பத்து என்றால் 3+, பத்து முதல் நூறு 4+, நூறு முதல் ஆயிரம் 5+, அதற்கு மேல் 6+. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு.

பெரியவரின் வலது சோணையில் 25 ஃபீல்டு பார்த்தேன், மொத்தம் 1,100, சராசரி 44, ஆகவே 4+. இடது சோணையில் 875, சராசரி 35, அதுவும் 4+. நெற்றியில் 150, சராசரி 6, 3+. முன்கையில் கிருமி அரிதாக இருந்ததால் 100 ஃபீல்டும் பார்த்தேன், மொத்தம் 50, அதாவது பத்து ஃபீல்டுக்கு ஐந்து, 2+. நான்கையும் கூட்டினால் 13, நான்கால் வகுத்தால் 3.25. அதுதான் அவருடைய பாக்டீரியல் இண்டெக்ஸ். முன்கையை மட்டும் கீறியிருந்தால் 2 என்று எழுதியிருப்போம், அதைவிடச் சுமார் எண்பது மடங்கு கிருமி அவர் காதில் இருந்தது தெரிந்திருக்காது.

ஒன்றும் தெரியாத ஸ்லைடை வைத்து "நோய் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு கிராம் சதையில் ஏறக்குறைய பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் இந்த முறையில் கண்ணில் படும். ஒன்றிரண்டு படை மட்டும் உள்ளவர்களுக்கு ஸ்லைடு பெரும்பாலும் காலியாகவே வரும். அவர்களுக்கு மரத்துப் போன தோலும் தடித்த நரம்பும்தான் சாட்சி.

மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை 12 மாதம் முடித்துப் பெரியவர் திரும்பி வந்தார். இண்டெக்ஸ் 2.5 ஆகியிருந்தது. "இன்னும் போகலையாம்மா?" என்று கவலையோடு கேட்டார். செத்த கிருமியும் சிவப்பாகத்தான் தெரியும். அதை உடம்பு மெல்ல மெல்லத்தான் வெளியேற்றும், வருடத்துக்கு ஒரு படி இறங்கினாலே நன்றாக இறங்குகிறது என்று அர்த்தம். வேறுபாடு உருவத்தில் இருக்கிறது. முதல் ஸ்லைடில் சீராக முழுமையாகச் சிவந்த கோல்கள் இருந்தன. இந்த முறை எல்லாமே துண்டு துண்டாக, பொடிப்பொடியாக உடைந்திருந்தன. அதை அவருக்குச் சொல்லிவிட்டுப் படிவத்திலும் எழுதினேன். இரண்டு எண்ணையும் ஒப்பிட வேண்டும் என்பதால் போன தடவை எடுத்த அதே நான்கு இடங்களில்தான் இந்த முறையும் எடுத்தேன், சோணையில் மட்டும் பழைய வடுவிலிருந்து சற்றுத் தள்ளிக் கீறினேன்.