பெரிய உடலுக்குப் பேட்டர்ன்: எங்கே கூட்டக் கூடாது, எங்கே கூட்ட வேண்டும்

36 அளவு சுடிதார் டாப் பேட்டர்னை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கி 46 ஆக்கினால் என்ன ஆகும்? 14 இன்ச் ஷோல்டர் கிட்டத்தட்ட 18 ஆகிவிடும். மார்பளவு 46 உள்ள பெண்ணுக்கு ஷோல்டர் பெரும்பாலும் 15, 15½ தான் இருக்கும். உடம்பில் சதை கூடும் அளவுக்கு எலும்பு கூடுவதில்லை. கழுத்து அகன்று, தோள் சரிந்து, உள்ளாடைப் பட்டி வெளியே தெரிகிற டாப்கள் இப்படித்தான் உருவாகின்றன. மார்புக்கு 2 இன்ச் கூட்டுகிற ஒவ்வொரு சைஸுக்கும் ஷோல்டரில் மொத்தமாகக் கால் இன்ச் கூட்டினாலே பெரும்பாலும் போதும்.

பேட்டர்ன் சைஸை முழு மார்பளவை வைத்து முடிவு செய்வதும் தவறு. அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே டேப்பைச் சுற்றி மேல் மார்பளவு எடுங்கள். மார்பு 46, மேல் மார்பு 42 என்றால் 42 பேட்டர்னை எடுத்துக்கொண்டு, மார்பு, வயிறு, கை என்று சதை இருக்கிற இடத்தில் மட்டும் கூட்டுவதே சரி. தோளும் கழுத்தும் தானாகப் பொருந்தும்.

அடுத்தது வயிறு. சுற்றளவை நான்கால் வகுத்து முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் சமமாகக் கொடுப்பது நம் வழக்கம். வயிறு முன்னால் தள்ளியிருப்பவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வயிற்றுச் சுற்றளவு 50 என்று வைத்துக்கொள்வோம். பக்கத் தையல் வரவேண்டிய இடத்தில் இரு பக்கமும் ஊசி குத்தி, முன்னும் பின்னும் தனித்தனியாக அளந்தால் முன் 27, பின் 23 என்று வரலாம். லூஸ் 4 இன்ச் சேர்த்தால் மொத்தம் 54. சமமாக வகுத்தால் கால் பாகம் 13½. ஆனால் உண்மையில் வேண்டியது முன்பக்கம் 14½, பின்பக்கம் 12½. மொத்தச் சுற்றளவு அதேதான், பங்கீடுதான் மாறுகிறது. இதைச் செய்யாவிட்டால் பக்கத் தையல் நேராக விழாமல் வயிற்றை நோக்கி வளையும், சைடு ஓப்பன் விரிந்து நிற்கும். டாப்பைப் போட்டவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அகலம் சரியானாலும் முன்பக்க அடி விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கலாம். துணி வயிற்றின் மேல் ஏறி இறங்குவதால் நீளம் அங்கே செலவாகிறது. முன் நடுவில் ஒரு இன்ச் இறக்கி, பக்கத் தையலை நோக்கிப் படிப்படியாக ஒன்றுமில்லாமல் வளைத்து விடுங்கள். இடுப்பை ஒட்டிக் காட்ட முன்பக்கத்தில் நீள டாட் பிடிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது முடியும் இடத்தில் வயிறு இன்னும் எடுப்பாகத் தெரியும். டாட் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

மேல் கையில் நடக்கும் தவறுதான் அதிகம் வலிக்கிறது. கை பிடிக்கிறது என்றால் உடனே கைக்குழியைக் கீழே இறக்கி வெட்டிவிடுகிறோம். அப்புறம் கையைத் தூக்கினால் டாப் முழுவதும் மேலே ஏறும். பேருந்துக் கம்பியைப் பிடிக்கக்கூட முடியாது. குறை கைக்குழியில் இல்லை, கைத் துண்டின் அகலத்தில் இருக்கிறது. மேல் கை 17 இன்ச் என்றால், நீட்சி இல்லாத பருத்தித் துணியில் லூஸோடு 19 வேண்டும். பேட்டர்னில் 17½ தான் இருந்தால் 1½ இன்ச் குறைகிறது. அதை இரு ஓரத்திலும் ஒட்டிக்கொடுத்தால் கையின் மேல் வளைவு நீண்டு, கைக்குழியில் பொருந்தாமல் சுருக்கம் விழும்.

இதற்குக் காகிதத்திலேயே வழி இருக்கிறது. தோள் முனையிலிருந்து கையின் அடிவரை ஒரு கோடு, இரண்டு அக்குள் முனைகளையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். நடுவிலிருந்து இரண்டையும் வெட்டி, நான்கு முனைகளிலும் காகிதம் நூலளவு ஒட்டியிருக்கும்படி நிறுத்துங்கள். இப்போது அக்குள் முனைகளை வெளியே இழுத்து 1½ இன்ச் விரியுங்கள். நேர்க்கோடு திறக்கும், குறுக்குக் கோட்டில் காகிதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கையின் உச்சி சற்றுத் தாழும், ஆனால் மேல் வளைவின் நீளம் மாறாது. கை நீளம் குறைந்த அளவை அடியில் சேர்த்துவிடுங்கள். 2 இன்ச்சுக்கு மேல் தேவைப்பட்டால் இது மட்டும் போதாது. டாப்பின் பக்கத் தையலிலும் அகலம் கொடுத்துக் கைக்குழியையே பெரிதாக்க வேண்டும்.

தொடைக்கு உட்கார்ந்த நிலையிலும் அளவெடுங்கள். நிற்கும்போது 28 இருப்பது உட்காரும்போது 30 ஆகலாம். பேன்டில் குறையும் அளவை வெளித் தையலில் மட்டும் கூட்டுவது பலன் தராது. சதை பெரும்பாலும் உள் தொடையில்தான் இருக்கிறது. கவட்டிலிருந்து தொடைக்குச் சாய்வாகச் சுருக்கம் ஓடினால், துணி உள் தொடையில் சீக்கிரம் தேய்ந்து கிழிந்தால் இதுதான் காரணம். 2 இன்ச் வேண்டுமென்றால் முன் கவட்டு முனையை முக்கால் இன்ச், பின் கவட்டு முனையை முக்கால் இன்ச் நீட்டி, மீதி அரை இன்ச்சை வெளித் தையலில் முன்னும் பின்னும் பிரித்துக் கொடுங்கள். எல்லாம் முழங்காலுக்குள் பழைய கோட்டில் சேர்ந்துவிட வேண்டும். முன், பின் உள் தையல்களின் நீளத்தை டேப் வைத்துச் சரிபார்த்த பிறகு காடா துணியில் ஒன்று தைத்து, உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். நல்ல துணியை அதற்குப் பிறகு வெட்டினால் போதும்.