சோடாப் போத்தல் கண்ணாடிக் கதையில் விடுகிற பிழைகள்

தடித்த கண்ணாடி போட்டு வந்த பையனை வகுப்பே பகிடி பண்ணுகிறது, கடைசியில் அவன் அதை ஏற்றுக்கொள்கிறான். தமிழ்த்தினப் போட்டிக்கு எழுதுகிற பிள்ளைகளுக்குப் பிடித்த கதை இது, பெரியவர்களும் எழுதுகிறார்கள். கவலை, அழுகை எல்லாம் சரியாக வந்துவிடும். கண்ணாடியில்தான் பிழை வரும்.

‘தடித்த கண்ணாடிக்குள் ஆந்தை மாதிரிப் பெரிய கண்கள்’ என்று ஒரு வரி வரும். அடுத்த பந்தியிலேயே அவனுக்குக் கரும்பலகை தெரியாது. இரண்டும் ஒரே பையனுக்குப் பொருந்தாது. தூரத்தில் உள்ளது தெரியாதவனுக்குக் கொடுப்பது மைனஸ் வில்லை. அது நடுவில் மெல்லியது, ஓரத்தில் தடிப்பு. அதற்குள் கண் சின்னதாகத் தெரியும், கன்னத்தின் ஓரம் உள்வாங்கினது போல இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் போத்தல் அடி மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுவது பிளஸ் வில்லை. அவனுடைய கண்ணாடியைப் பிடுங்கி வெயிலில் கடதாசி எரிக்கிற காட்சியும் வேண்டாம். மைனஸ் வில்லை வெளிச்சத்தை விரித்துவிடும், குவிக்காது.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். ஆரையம்பதி, வயது 14, மட்டக்களப்பு நகரப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். பவர் மைனஸ் 6. 100ஐ 6ஆல் பிரித்தால் வருகிற தூரம், அதாவது ஏறக்குறைய 16, 17 சென்ரிமீற்றர் வரைதான் கண்ணாடி இல்லாமல் அவனுக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு சாணுக்கும் குறைவு. ஆகவே ‘கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூலையில் சிரித்தவனின் முகத்தைப் பார்த்தான்’ என்று எழுத முடியாது. சிரிப்புச் சத்தம் கேட்கும், சிரித்தது யார் என்று தெரியாது. கதைக்கு இதுதான் பலம். வெட்கத்தில் கழற்றினால் யார் பகிடி பண்ணுகிறார்கள் என்பதே மறைந்துவிடும், போட்டால் எல்லா முகமும் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் அவனை நிறுத்தி வைத்தால் பாதிக் கதை தானாக எழுதப்படும்.

மைனஸ் 6 ஓர் இரவில் வருவதில்லை. அதனால் முதல் கண்ணாடியே இவ்வளவு பவர் என்றால், அதற்கு முந்தின வருடங்கள் கதையில் எங்காவது தெரிய வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தது, பக்கத்தில் இருந்தவனின் கொப்பியைப் பார்த்து எழுதியது, பந்து வருவது தெரியாமல் ‘கட்ச்’ விட்டது. இதையெல்லாம் பார்த்த வீட்டார் அவனைக் கவனமில்லாதவன் என்று ஏசியிருப்பார்கள். போட்ட முதல் நாட்களில் தரை பள்ளம் போலத் தோன்றும், தலையிடிக்கும், படியில் கால் தடுக்கும். சில நாட்களில், சிலருக்கு ஓரிரு வாரத்தில், பழகிவிடும். அந்தத் தடுமாற்றத்தில்தான் பகிடி தொடங்கும், தடிப்பைப் பார்த்து மட்டும் அல்ல. ஒருவன் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்து, “மச்சான், தலை சுத்துதுடா!” என்பான். இன்னொருவன் விரலைக் காட்டி, “எத்தினை சொல்லு?” என்பான். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இதற்கு மேல் கொடுமை தேவையில்லை, இதுவே வருடம் முழுக்க ஓடும்.

எழுதுபவர்கள் தவறவிடுகிற இன்னொன்று பிரேம். மைனஸ் வில்லையில் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகத் தடிப்புக் கூடும். பெரிய பிரேம் போட்டால் ஓரம் இன்னும் தடிக்கும், கண் நடுவில் அமைகிற சின்ன வட்ட பிரேமில் குறையும். கடைக்காரர் சின்னதைக் காட்டுகிறார். “அது கிழவன்மார் போடுறது, எனக்கு வேணாம்” என்று பையன் ஸ்ரைலாக ஒரு பெரிய சதுரத்தை எடுக்கிறான். அழகாக இருக்க எடுத்ததே அவனைப் போத்தலாக்கிவிடுகிறது. அடுத்த தடவை அவனே போய்ச் சின்னதைக் கேட்கட்டும். ஏற்றுக்கொண்டான் என்று தனியாக எழுத வேண்டியிருக்காது.

முடிவில்தான் பெரிய பிழை. அதிபர் காலைக் கூட்டத்தில் பேசுகிறார், எல்லோரும் மன்னிப்புக் கேட்கிறார்கள். அல்லது அவன் மாகாணத்தில் முதலிடம் வருகிறான். அப்படியானால் முதலிடம் வராதவன் என்ன செய்வது? கண்ணாடி தந்ததைக் கொண்டே முடித்தால் போதும். கல்லடியில் பஸ்ஸுக்கு நிற்கிறான். காத்தான்குடி பஸ்ஸில் ஏறினால் ஆரையம்பதிக்கு முன்பே இறங்க வேண்டும், கல்முனை பஸ் என்றால் வீட்டடியில் இறங்கலாம். இவ்வளவு நாளும் பக்கத்தில் நிற்பவனைக் கேட்டுத்தான் ஏறியவன். இன்றைக்குப் பஸ் தூரத்தில் வரும்போதே பெயர்ப்பலகையை வாசித்துவிட்டுக் கையைக் காட்டுகிறான். “போத்தல், எது வருது?” என்று பின்னால் நிற்கிறவன் கேட்கிறான். பட்டப்பெயரைக் கடைசி வரியில் வெட்டிவிட வேண்டாம். அது பள்ளிக்கூடம் விட்ட பிறகும் கூடவே வரும்.