ஏஐ வரைந்த பாட்டியை நம் பாட்டியாக்குவது: டேப்லெட்டில் மேல்வரைதல்

திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டும் பாட்டியை ஏஐயிடம் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சமும் முகமும் ஓரளவு தேறும். விரல், நகை, புடவைக் கரை மூன்றும் கிட்டத்தில் பார்த்தால் குழம்பியிருக்கும். நான் புரோகிரியேட் என்ற வரைதல் செயலியை வைத்துச் சொல்கிறேன். ஐபிஸ்பெயின்ட், கிரிட்டாவிலும் இந்த வசதிகள் உண்டு.

1. கேன்வாஸ்

ஏ4 தாளில் அச்சிட 2480 × 3508 பிக்சல் வேண்டும். அந்த அளவில் கேன்வாஸ் திறந்து, படத்தைப் பெரிதாக்கிப் பொருத்துங்கள். மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, மேலே வரையத்தானே போகிறோம். அந்த லேயரைப் பூட்டிவிடுங்கள்.

2. பிழைகளைக் குறித்தல்

கேன்வாஸை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண் விட்ட கோணல்கள் அப்போதுதான் பிடிபடும். தனி லேயரில் சிவப்பால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

3. கை

இருக்கிற விரல்களைத் தட்டித் தட்டித் திருத்தினால் வேலை முடியாது. புது லேயரில், பின்னணி நிறத்தை எடுத்துத் தப்பான விரல்களை மொத்தமாக மூடுங்கள். உங்கள் கையில் நாரைப் பிடித்து, படத்தில் வெளிச்சம் வரும் பக்கத்திலிருந்தே விளக்கைப் போட்டு ஒரு போட்டோ எடுங்கள். அதைப் பார்த்துக் கையை ஒரே தோல் நிறத்தில் நிரப்புங்கள். வெறும் நிழலுருவமாகப் பார்த்தாலும் கை என்று தெரிகிறதா? தெரிந்தால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். அதன் மேல் ஒரு லேயரைக் கிளிப்பிங் மாஸ்க்காக்கி, மல்டிப்ளை முறையில் நிழல் போடுங்கள். நிறம் கைக்கு வெளியே வழியாது. நகம், சுருக்கம் எல்லாம் கடைசியில்தான்.

பூவையும் கவனியுங்கள். ஏஐ பெரும்பாலும் ஊசியில் கோத்த மாலையைத்தான் போட்டுவிடும். நம் வீட்டில் கட்டுவது வேறு: பூக்களை எதிரெதிராக வைத்து, காம்பில் நாரைச் சுற்றி முடிச்சு இறுக்குவோம். காம்புகள் நடுவில், மொட்டுகள் இரு பக்கமும். இதைத் திருத்தினாலே படம் பாதி ஊருக்கு வந்துவிடும்.

4. உங்கள் பாட்டி

பழைய போட்டோ ஒன்றைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். மூக்குத்தி எந்தப் பக்கம், காது எவ்வளவு தொங்கியிருந்தது, கொசுவம் எப்படி விழுந்தது என்று பாருங்கள். ஏஐ போட்ட பளபள நெக்லஸைத் தயங்காமல் அழித்து, அவர் போட்டிருந்த ஒற்றைச் சங்கிலியை வரையுங்கள். சங்கிலி கழுத்தின் வளைவை ஒட்டியே போக வேண்டும், கீழே மெல்லிய நிழலும் வேண்டும். இல்லையென்றால் ஒட்டிவைத்தது போல இருக்கும்.

5. ஒட்டாத இடங்கள்

புதிதாக வரைந்தது வழவழப்பாகவும் மற்றவை சொரசொரப்பாகவும் தெரியும். கை, முகம், புடவை மூன்றின் மேலும் ஒரே பிரஷ்ஷால் ஓரிரு கோடு ஓட்டுங்கள். அப்புறம் தூணிலும் ஓட்டிலும் உள்ள தேவையில்லாத நுணுக்கத்தைப் பெரிய பிரஷ்ஷால் மழுப்புங்கள். ஏஐ எல்லா மூலையையும் ஒரே கூர்மையில் வரைந்து வைத்திருக்கும். பார்வை கைக்குப் போக வேண்டுமென்றால் பின்னால் இருப்பது அடங்க வேண்டும்.