பழைய இருசக்கர வாகனத்தை ஊர்க் குழுவில் விற்பது: எதை எழுதலாம், எதை மறைக்க வேண்டும்?

ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் "ஸ்பிளெண்டர் விற்பனைக்கு, நல்ல நிலையில், உடனே அழைக்கவும்" என்று ஒரு வரி போட்டுவிட்டு, கூடவே ஆர்.சி. புத்தகத்தின் படத்தையும் இணைத்துவிடுகிறார்கள். வாங்க வருபவருக்குத் தேவையான வண்டியின் குறை அதில் இல்லை. மோசடிக்காரனுக்குத் தேவையான பெயர், முகவரி, சேசிஸ் எண் எல்லாம் இருக்கின்றன. இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். கோபியில் இருக்கும் 2018 மாடல் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: காகிதங்கள். பதிவு போடுவதற்கு முன் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று மூன்றையும் எடுத்து வையுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால், தவணை முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கவில்லை என்றால் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து முதலில் அதை நீக்குங்கள்.

படி 2: படங்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும், கிலோமீட்டர் காட்டும் மீட்டர், இரண்டு டயர்கள், கீறல் இருக்கும் இடம் ஆகியவற்றை எடுங்கள். கீறலைத் தள்ளி நின்று எடுத்தால் ஏமாற்றுவது போல் தெரியும். பக்கத்தில் போய் எடுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வண்டியைக் கிளப்பும் சிறு காணொளி, பத்துப் படங்களைவிட அதிகம் சொல்லும்.

நம்பர் பிளேட்டில் 'டி.என். 36' மட்டும் தெரியட்டும், மற்றதை மறைத்துவிடுங்கள். உங்கள் வண்டியின் படத்தையும் எண்ணையும் எடுத்து வேறொரு குழுவில் குறைந்த விலைக்குப் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தவர் கடைசியில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். படத்தின் நடுவில் ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டால் அதைத் திருடிப் பயன்படுத்துவது கடினம். ஆர்.சி. படத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். நேரில் காட்டினால் போதும்.

படி 3: எழுதுவது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> 2018 ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ், டி.என். 36, ஒரே உரிமையாளர். 46,000 கி.மீ. ஓடியது. கடன் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு அடுத்த மார்ச் வரை. பின் டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். சைலன்சரில் துரு, இடப்பக்கம் கீறல். பேட்டரி சென்ற ஆண்டு மாற்றியது. விலை 40,000 ரூபாய். டயர் செலவைக் கழித்துச் சொன்ன விலை. ஞாயிறு காலை 9 முதல் 12 வரை கோபி பஸ் நிலையம் அருகே பார்க்கலாம். மெக்கானிக்கை அழைத்து வரலாம். முன்பணம் வேண்டாம். உடனே பெயர் மாற்றிக்கொள்பவருக்கு மட்டும்.

பின் டயர் தேய்ந்தது என்று நீங்களே எழுதிவிட்டால், வருபவர் அதைக் காட்டி விலையைக் குறைக்க இடமில்லை. 'முன்பணம் வேண்டாம்' என்ற இரண்டு சொற்களுக்கு இரட்டைப் பயன் உண்டு. உங்களை மோசடிக்காரர் என்று யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், "டோக்கன் பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்று வருபவனுக்கும் வழி அடைபடும். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை, யு.பி.ஐ. பின் எண் போடவும் தேவையில்லை. பின் எண் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது.

வண்டியைப் பார்க்காமலே சொன்ன விலைக்குச் சம்மதித்து, ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படத்தை அனுப்புபவரோடு பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பெருந்துறையிலிருந்து வண்டி வாங்க வருபவர் முதலில் கேட்பது டயரையும் மைலேஜையும்தான்.

படி 4: ஓட்டிப் பார்ப்பது. அவருடைய அசல் ஓட்டுநர் உரிமத்தைப் பாருங்கள். நீங்கள் பின்னால் உட்காருங்கள். அல்லது அவர் வந்த வண்டியின் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பணமும் பெயர் மாற்றமும். ஸ்கிரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம்; வங்கிச் செயலியைத் திறந்து இருப்புத் தொகையைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயரை நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போகும் தரகர், பெயர் மாற்றாமலே வண்டியை இன்னொருவருக்கு விற்றுவிடலாம். விபத்து நடந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. பதிவேட்டில் பெயர் மாறியதா என்பதை parivahan.gov.in தளத்தில் பாருங்கள். குழுவில் போட்ட படங்களை, வண்டி கைமாறிய அன்றே நீக்கிவிடுங்கள்.