யூஎஸ்பி-சி ரெசிஸ்டர்கள்: 56-க்குப் பதில் 10 போட்டால் என்ன ஆகும்?

யூஎஸ்பி-சி பற்றிய பல தவறுகளுக்கு ஒரே ஒரு குழப்பம்தான் காரணம். மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கண்டறிய யூஎஸ்பி-சி பிளக்கில் உள்ள சிசி பின்னில் இருக்கும் ரெசிஸ்டர், "இந்த கேபிள் இவ்வளவு ஆம்பியர் தாங்கும்" என்று சார்ஜருக்குச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். பேச்சு நடப்பது எதிர்த்திசையில். மின்சாரம் தரும் பக்கம் சிசி கம்பியை ஒரு ரெசிஸ்டர் வழியாக மேலே, அதாவது 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது. வாங்கும் பக்கம் அதே கம்பியை 5.1 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்டேஜ் நிற்கும். போன் அதை அளந்து, "இங்கே இவ்வளவுதான் எடுக்கலாம்" என்று முடிவு செய்கிறது. சார்ஜருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: மறுமுனையில் 5.1 கிலோ ஓம் இருக்கிறதா இல்லையா. இருந்தால்தான் அது 5 வோல்ட்டைத் திறந்துவிடும்.

மேல் ரெசிஸ்டருக்கு மூன்று மதிப்புகள் உண்டு. 56 கிலோ ஓம் என்றால் சாதாரண யூஎஸ்பி அளவு, 22 என்றால் 1.5 ஆம்பியர், 10 என்றால் 3 ஆம்பியர். போன் பார்க்கும் வோல்டேஜ் இப்படி வரும்:

```
56k : 5 × 5.1 / (56 + 5.1) = 0.42 V
22k : 5 × 5.1 / (22 + 5.1) = 0.94 V
10k : 5 × 5.1 / (10 + 5.1) = 1.69 V
```

கேபிளின் தாங்குதிறன் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. இருமுனையும் சி ஆக உள்ள எந்தக் கேபிளும் 3 ஆம்பியர் தாங்கியே ஆகவேண்டும் என்பது விதி. அதற்கு மேல் 5 ஆம்பியர் என்றால் கேபிளுக்குள் இ-மார்க்கர் எனும் சிப் இருக்கவேண்டும். சார்ஜர் அதைச் சிசி கம்பி வழியே டிஜிட்டலாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தச் சிப் இருப்பதைக் காட்ட 1 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் கேபிளில் இருக்கும். "நான் இங்கே இருக்கிறேன், எனக்கும் கொஞ்சம் மின்சாரம் கொடு" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

கேபிளே பொய் சொல்லும் இடம்

ஒருமுனை பழைய ஏ, மறுமுனை சி ஆக உள்ள கேபிளில் மட்டும் நிலைமை வேறு. ஏ போர்ட்டில் சிசி பின்னே கிடையாது. ஆகவே தரும் பக்கத்தின் ரெசிஸ்டரைக் கேபிளே சுமக்கவேண்டியிருக்கிறது. சி முனையின் பிளக்குக்குள், 5 வோல்ட் கம்பிக்கும் சிசி பின்னுக்கும் நடுவே அது உட்கார்ந்திருக்கும். அதன் மதிப்பு 56 கிலோ ஓம்தான் இருக்கவேண்டும், வேறெதுவும் கூடாது. மறுமுனை எந்தப் போர்ட்டில் செருகப்படும் என்று கேபிளுக்குத் தெரியாது என்பதால், மிகக் குறைந்த வாக்குறுதியை மட்டும் கொடுக்கவேண்டும்.

"10 போட்டால் வேகமாக சார்ஜ் ஏறும்" என்ற எண்ணத்திலோ கவனக்குறைவிலோ 10 கிலோ ஓம் வைத்த கேபிள்கள் யூஎஸ்பி-சி வந்த புதிதில் நிறைய விற்பனையாயின. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் 2015-இல் ஆன்லைனில் கேபிள்களை வாங்கிச் சோதித்து, இந்தத் தவறை ஒவ்வொன்றாக எழுதியபோதுதான் விஷயம் பரவலாகத் தெரிந்தது.

அந்தக் கேபிளை ஒரு கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் போர்ட்டின் கணக்கு 500 மில்லிஆம்பியர். போன் 1.69 வோல்ட்டைப் பார்த்து 3 ஆம்பியர் இருப்பதாக நம்பி இழுக்கத் தொடங்குகிறது. போர்ட்டில் பாதுகாப்பு இருந்தால் அது துண்டித்துக்கொள்ளும், சில நொடி கழித்து மீண்டும் திறக்கும், மீண்டும் துண்டிக்கும். பாதுகாப்பில்லாத மலிவான ஹப் என்றால் சூடு ஏறி எது முதலில் கருகுகிறதோ அது போகும்.

கம்பியின் தடிமனும் இதில் சேர்ந்துகொள்கிறது. மெல்லிய 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் போகவர இரண்டு கம்பி, ஆக 0.43 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் கம்பியிலேயே 1.3 வோல்ட் போய்விடும், ஏறத்தாழ 3.8 வாட் சூடாக மாறும். போனுக்குப் போய்ச் சேர்வது 3.7 வோல்ட். அரை ஆம்பியர் ஓடும்போது இதே கம்பியில் இழப்பு 0.2 வோல்ட்டுதான், யாருக்கும் தெரியாது. பெரும்பாலான போன்கள் வோல்டேஜ் சரிவதைக் கண்டதும் தாமே கரண்ட்டைக் குறைத்துக்கொள்கின்றன. அதனால்தான் தவறான கேபிளை வருடக்கணக்கில் பயன்படுத்தியும் பலருக்குத் தெரிவதில்லை.

சரி, 56 போட்டால் சார்ஜ் மெதுவாகத்தானே ஏறும் என்று கேட்கலாம். இல்லை. "சாதாரண அளவு" என்று கேட்டதும் போன் அதோடு நிற்பதில்லை. டேட்டா கம்பிகள் இரண்டையும் பார்த்து, இது சார்ஜரா, கம்ப்யூட்டர் போர்ட்டா என்று கண்டுபிடிக்கும். சார்ஜர் என்றால் 1.5 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். நிறுவனங்களின் சொந்த வேக முறைகளும் அந்தக் கம்பிகள் வழியாகவே பேசிக்கொள்கின்றன. 10 கிலோ ஓம் இந்த விசாரணையையே தாண்டிக் குதிக்க வைக்கிறது. அதனால் வேகம் கூடுவதில்லை, சரிபார்ப்புதான் போகிறது.

அளந்து பார்ப்பது எப்படி

பின்கள் வெளியே எடுக்கப்பட்ட ஒரு சி சாக்கெட் போர்டும் மல்டிமீட்டரும் போதும். சாக்கெட் போர்டில் எல்இடியோ வேறு உறுப்புகளோ இல்லாமல் வெறுமையாக இருந்தால் நல்லது. கேபிளின் ஏ முனையை எதிலும் செருகாமல், சி முனையைப் போர்டில் செருகுங்கள். மீட்டரை 200 கிலோ ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை 5 வோல்ட் பின்னான VBUS-இலும் மற்றதை இரண்டு சிசி பின்களில் முதலாவதான CC1-இலும் பிடியுங்கள், பிறகு CC2-இல். இரண்டில் ஒன்றில் மட்டும் மதிப்பு வரும், மற்றது திறந்தே இருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் இடம் மாறும். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 5 சதவீதம், எனவே 53-க்கும் 59-க்கும் இடையே காட்டினால் சரி. 10 அல்லது 22 காட்டினால் அந்தக் கேபிளைத் தூக்கிப்போடுவதே உத்தமம். வார்த்த பிளக்கைப் பிளந்து ரெசிஸ்டரை மாற்றுவது படும் சிரமத்துக்கு ஈடாகாது.

போர்டில் 5.1 கிலோ ஓம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தால் இன்னும் எளிது. ஏ முனையை ஒரு சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் செருகி, சிசி பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். 0.4 என்றால் நல்ல கேபிள், 1.7 என்றால் பொய்க் கேபிள். அதற்கு முன் VBUS-க்கும் GND-க்கும் இடையே மீட்டர் நேர் 5 வோல்ட் காட்டுகிறதா என்பதைப் பார்த்துவிடுங்கள். இரண்டும் மாற்றிப் பற்றவைக்கப்பட்ட கேபிள்களும் உண்டு, அவை போனையே கொன்றுவிடும்.

வாங்கும் பக்கத்தில் நடக்கும் தவறுகள்

சொந்தமாகப் போர்டு வடிவமைப்பவர்கள் சி சாக்கெட்டை வைத்து, 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் மட்டும் இணைத்துவிட்டு, சிசி பின்களைச் சும்மா விட்டுவிடுவது உண்டு. ஏ-சி கேபிளில் சோதித்தால் அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் ஏ போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். வாங்கியவர் சி-சி கேபிளில் செருகினால் பொருள் செத்துக் கிடக்கும். சார்ஜர் 5.1 கிலோ ஓமைத் தேடுகிறது, காணவில்லை, திறக்கவில்லை. ஒரே ஒரு பின்னில் மட்டும் ரெசிஸ்டர் வைத்தால் இன்னும் வேடிக்கை: ஒரு பக்கமாகச் செருகினால் சார்ஜ் ஏறும், திருப்பினால் ஏறாது.

இரண்டு பின்களையும் சேர்த்துக் கட்டி ஒரே 5.1 கிலோ ஓம் போட்டு மிச்சம் பிடிப்பது மூன்றாவது வகை. இதை ராஸ்பெர்ரி பை 4 எனும் சிறு கம்ப்யூட்டர் போர்டின் முதல் வடிவத்திலேயே செய்திருந்தார்கள். 2019-இல் அது வெளிவந்ததும் சாதாரண கேபிள்களில் சிக்கல் இல்லை. இ-மார்க்கர் உள்ள கேபிளில் மட்டும் சார்ஜர் மின்சாரம் தர மறுத்தது. காரணம் கணக்கில் தெரியும்: கேபிளின் 1 கிலோ ஓம் ஒரு சிசி பின் வழியாக உள்ளே வருகிறது. பின்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் அது 5.1 கிலோ ஓமுடன் இணையாகிவிடுகிறது. மொத்தம் சுமார் 840 ஓம். சார்ஜர் இரண்டு பின்னிலும் 1 கிலோ ஓம் வகையையே பார்க்கிறது. அந்தக் கூட்டுக்கு விதியில் உள்ள பொருள், "இது ஹெட்போன் அடாப்டர்". பிந்தைய போர்டுகளில் இதைத் திருத்திவிட்டார்கள்.

ஆக, CC1-இலிருந்து கிரவுண்டுக்கு ஒன்று, CC2-இலிருந்து கிரவுண்டுக்குத் தனியாக ஒன்று, இரண்டும் 5.1 கிலோ ஓம், 1 சதவீத ரகம். கையில் இருக்கிறதே என்று 4.7 போடுபவர்களும் உண்டு. கரண்ட் அளவைச் சரியாகப் படிக்க 5.1-இல் 10 சதவீதம்தான் விலகலாம், அதாவது 4.59 வரை. 5 சதவீத ரகத்தில் 4.7 என்று எழுதியிருப்பது 4.47 ஆகவும் இருக்கலாம். வேலை செய்யும், ஆனால் எல்லாப் போர்டிலும் செய்யும் என்று சொல்ல முடியாது.

தரும் பக்கத்தில் 3.3 வோல்ட்

பவர் பேங்க் போன்ற போர்டுகளில் ரெகுலேட்டர் 1 ஆம்பியர்தான் தரும் என்றால் 56 போடுங்கள். 10 போட்டால் போன் 3 ஆம்பியர் கேட்கும், ரெகுலேட்டர் நின்று நின்று துவங்கும், சார்ஜ் அடையாளம் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

இதிலேயே இன்னொரு பொறி, ரெசிஸ்டரின் மேல்முனை எந்த வோல்டேஜில் கட்டப்பட்டிருக்கிறது என்பது. 56, 22, 10 எல்லாம் 5 வோல்ட்டுக்கான எண்கள். 3.3 வோல்ட்டில் கட்டினால் 36, 12, 4.7 என்று மாறிவிடும். எண்ணை மாற்றாமல் 3.3-இல் 10 கிலோ ஓம் கட்டினால் போன் பார்ப்பது 1.1 வோல்ட், அதாவது 1.5 ஆம்பியர் என்று புரிந்துகொள்ளும். 22 கட்டினால் 0.62 வோல்ட்: சாதாரண அளவுக்கும் 1.5-க்கும் இடையிலான இடைவெளியில் விழும், ஒரு போன் ஒன்றாகவும் இன்னொரு போன் வேறாகவும் எடுத்துக்கொள்ளும். தலைகீழாக 4.7-ஐ 5 வோல்ட்டில் கட்டினால் 2.6 வோல்ட் வந்து, 3 ஆம்பியருக்கு உரிய 2.04 வோல்ட் எல்லையையே தாண்டிவிடும், போன் இதை இணைப்பாகவே ஏற்காமல் போகலாம். பழைய போர்டின் சர்க்யூட்டிலிருந்து ரெசிஸ்டரை மட்டும் நகலெடுத்து, மேல்முனையை வேறு வோல்டேஜில் கட்டும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். சாக்கெட்டில் 5.1 கிலோ ஓம் சுமையை மாட்டி சிசி பின்னில் வோல்டேஜை அளந்தால், மேலே சொன்ன 0.42, 0.94, 1.69 மூன்றில் நீங்கள் நினைத்த எண்ணுக்கு அருகில் வருகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.