தானியல் கலத்தின் எந்திரப்பி: 0.1 மில்லிவோல்ற்று தொலைந்துபோகும் இடங்கள்

கலத்தின் மின்னியக்க விசை வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று அளந்து, அதிலிருந்து எந்திரப்பி மாற்றத்தையும் வெப்பவுள்ளுறை மாற்றத்தையும் கணிக்கும் பரிசோதனைக்கு, கைக்கு எளிதில் வருவது நாகமும் செம்பும் கொண்ட தானியல் கலம்தான். மூன்றே மூன்று சமன்பாடுகள்:

```
ΔG = −nFE
ΔS = nF (dE/dT)
ΔH = −nFE + nFT (dE/dT)
```

n = 2, F = 96485 C mol⁻¹. கணக்கு அவ்வளவே. ஆனால் இந்தக் கலத்தின் வெப்பநிலைக் குணகம் ஒரு கெல்வினுக்குச் சுமார் −0.11 மில்லிவோல்ற்று மட்டுமே. 1.1 வோல்ற்றைக் காட்டும் கருவியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தேடுகிறோம். நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அந்தச் சிறு மாற்றத்தைத் தொலைத்துவிடும் தவறுகளே.

முதலில், ஒழுங்காக எடுத்தால் வாசிப்புகள் எப்படி இருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். 10, 20, 30, 40, 50 °C வெப்பநிலைகளில் முறையே 1.1036, 1.1024, 1.1014, 1.1003, 1.0991 வோல்ற்று. இந்த ஐந்து புள்ளிகளுக்கும் பொருந்தும் சிறந்த நேர்கோட்டின் படித்திறன் −1.11 × 10⁻⁴ V K⁻¹. கோட்டில் 25 °C க்கு உரிய பெறுமானம் 1.1019 V. இதிலிருந்து ΔG = −212.6 kJ mol⁻¹, ΔS = −21.4 J K⁻¹ mol⁻¹, TΔS = −6.4 kJ mol⁻¹, ஆகவே ΔH = −219.0 kJ mol⁻¹. அட்டவணைப் பெறுமானங்களிலிருந்து கணித்தால் ΔS −21.0, ΔH −218.7 என்று வரும்.

இனி, அதிகம் பேர் விழும் குழி. அறிக்கையில் ΔH −217 என்று வந்ததும் அட்டவணையைப் பார்த்து, ‘ஒரு வீதம்கூட வழு இல்லை, பரிசோதனை சரி’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கலத்தில் ΔH இன் 97 வீதம் −nFE என்ற உறுப்பிலிருந்தே வருகிறது. படித்திறனை அளக்கவே இல்லை, பூச்சியம் என்று வைத்துக்கொண்டாலும் ΔH −212.6 ஆகும்; அட்டவணையிலிருந்து மூன்று வீதத்துக்குள்தான் விலகும். படித்திறனில் 30 வீத வழு இருந்தால் ΔS இலும் அதே 30 வீத வழு. ΔH இலோ ஒரு வீதம்கூட இல்லை. ΔH பொருந்தியதை வைத்து வெப்பநிலைக் குணகத்துக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. பார்க்க வேண்டியது ΔS ஐ, அதிலும் அதன் குறியை.

அடுத்தது கருவி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும் மலிவான பல்மானி 1999 வரைதான் எண்ணும். 2 வோல்ற்று வீச்சில் அதன் கடைசி இலக்கம் 1 மில்லிவோல்ற்று. கொழும்பில் குழாய்த் தண்ணீர் 28 °C இல் வருகிறது என்று வைப்போம். அதில் ஒரு வாசிப்பு, கொஞ்சம் சூடாக்கி 32 °C இல் இன்னொன்று. உண்மையான மாற்றம் 0.45 மில்லிவோல்ற்று. பல்மானியோ முதலில் 1.102, பிறகு 1.101 என்று காட்டும். படித்திறன் −2.5 × 10⁻⁴ ஆகி ΔS −48 என்று வந்து நிற்கும். கலத்தின் வோல்ற்றளவு அரை மில்லிவோல்ற்று குறைவாக இருந்திருந்தால் இரண்டு வாசிப்புமே 1.101 தான், அப்போது ΔS பூச்சியம். இரண்டுமே கலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வட்டமிடல் எந்தப் பக்கம் விழுந்தது என்பதை மட்டுமே சொல்கின்றன.

வெப்பநிலை வீச்சை 40 பாகைக்கு விரித்தால் இந்த வழு, அதிகபட்சம் உண்மையான படித்திறனின் கால் பங்கு என்ற அளவுக்குக் குறையும். அதற்குக் கீழ்ப்பக்கம் ஐஸ் வேண்டும். குளிரூட்டி இல்லாத கொழும்பு ஆய்கூடத்தில் அறை வெப்பநிலையே 30 °C அளவில்தான் இருக்கும். 25 °C கூடக் குளிரூட்டினால்தான் கிடைக்கும். ‘அறை வெப்பநிலை 25 °C’ என்று கைப்பழக்கத்தில் எழுதுவதும் ஒரு தவறே. வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள். 298 K க்கு உரிய E ஐ நேர்கோட்டிலிருந்து எடுங்கள்.

பல்மானியை மாற்றாமலே இலக்கத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. ஒரே கரைசல்களில், ஒரே தகட்டிலிருந்து வெட்டிய மின்வாய்களோடு இரண்டு தானியல் கலங்கள் செய்யுங்கள். இரண்டின் நாகத் தகடுகளையும் ஒரு கம்பியால் இணைத்து, செப்புத் தகடுகளுக்கு இடையே பல்மானியை 200 மில்லிவோல்ற்று வீச்சில் வையுங்கள். இப்போது கலங்கள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. காட்டுவது வித்தியாசத்தை மட்டுமே, கடைசி இலக்கம் 0.1 மில்லிவோல்ற்று. முதலில் இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்துப் பாருங்கள். பூச்சியம் வர வேண்டும், 0.4 என்று வந்தால் அதைக் குறித்துவைத்து எல்லா வாசிப்புகளிலிருந்தும் கழியுங்கள். பிறகு ஒன்றை 30 °C இலேயே விட்டு மற்றதை மட்டும் 10 முதல் 50 வரை கொண்டுபோங்கள். பல்மானியின் சிவப்பு முனை வெப்பநிலை மாறும் கலத்தின் செம்பில் இருந்தால், 10 °C இல் +2.2, 50 °C இல் −2.3 அளவில் வரும். ΔG க்கு வேண்டிய E ஐத் தனியாக 2 வோல்ற்று வீச்சில் ஒருமுறை அளந்தால் போதும். அங்கே 1 மில்லிவோல்ற்று பிழைத்தாலும் 0.2 kJ தான்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு வேறு: இரண்டு அரைக்கலங்களும் ஒரே வெப்பநிலையில் இல்லாமை. இரண்டு முகவைகளை மேசையில் வைத்து, ஒன்றை மட்டும் சூடாக்குவதை அடிக்கடி காணலாம். தனி மின்வாய் ஒன்றை மட்டும் சூடாக்கினால் அதன் அழுத்தம் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.9 மில்லிவோல்ற்று நேர்ப் பக்கம் நகரும். முழுக் கலத்தின் குணகம் சிறிதாக இருப்பதே, செம்பின் நகர்வும் நாகத்தின் நகர்வும் ஏறத்தாழச் சமமாகி ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான். செப்பு அரைக்கலம் ஒரு பாகை கூடுதலாகச் சூடாக இருந்தால் E 0.9 மில்லிவோல்ற்று உயரும். முழுக் கலத்தையும் எட்டுப் பாகை குளிரவைத்ததற்குச் சமமான மாற்றம் அது. மேல்விசிறியின் காற்று ஒரு முகவையின் திறந்த வாயில் நேராக விழுந்தால், ஆவியாதலால் அந்த ஒரு பாகை வித்தியாசம் சத்தமில்லாமல் வந்துவிடும். குறி கூட மாறலாம்: சூடாக்கும்போது செப்புப் பக்கம் முந்திச் சூடேறினால் E கூடுவதுபோல் தெரியும், ΔS நேராகிவிடும்.

ஆகவே அரைக்கலங்களை இரண்டு கொதிகுழாய்களில் எடுத்து, இரண்டையும் ஒரே நீர்த்தொட்டியில் கரைசல் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி அமிழ்த்துங்கள். வாயைத் துளையிட்ட தக்கையால் மூடுங்கள். வெப்பமானியைத் தொட்டியில் வைத்தால் போதாது, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் பார்க்க வேண்டும். தொட்டி 40 °C ஐ எட்டியதும் வாசிப்பை எடுக்க அவசரப்படாதீர்கள். 10, 15 நிமிடம் விட்டு, பின்னர் ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு வாசிப்புகள் 0.1 மில்லிவோல்ற்றுக்குள் ஒத்துப்போனால் மட்டுமே எழுதுங்கள். மேலே போகும்போது எடுத்த வாசிப்புகளைக் கீழே இறங்கும்போதும் எடுங்கள். இரண்டு தொகுதியும் ஒரே கோட்டில் விழாவிட்டால், ஒன்றில் வெப்பச் சமநிலை வரவில்லை, அல்லது கலமே மாறிக்கொண்டிருக்கிறது.

கலம் மாறுவதற்கு வழக்கமான காரணம் நாகத்தில் தெரியும். தகட்டை வெளியே எடுத்துப் பாருங்கள்: கறுப்புப் படலம் இருந்தால் செப்பு அயன்கள் உப்புப்பாலத்தைக் கடந்து வந்து நாகத்தில் செம்பாகப் படிந்திருக்கின்றன. அந்த வாசிப்புகளைத் திருத்த முடியாது. தகட்டை அரத்தாளால் தேய்த்து, கழுவி, புதுக் கரைசலோடு மீண்டும் தொடங்குவதே வழி. உப்புப்பாலத்தில் இன்னொரு நுணுக்கம். 30 °C இல் நிரம்பலாக்கிய பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலை 10 °C க்கு இறக்கினால் பாதிக்கு மேல் பளிங்காகிவிடும், ஏனென்றால் அதன் கரைதிறன் வெப்பநிலையோடு செங்குத்தாக மாறுகிறது. பாலத்தின் தடை ஏறும், வாசிப்பு அலையும். நிரம்பல் வேண்டாம், 1 mol dm⁻³ கரைசல் போதும், 10 °C இலும் பளிங்காகாது.

கணக்கில் வரும் தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ΔG இல் மறைக்குறி இருக்கிறதே என்று ΔS க்கும் ஒரு மறைக்குறி போடுபவர்கள் உண்டு. ΔG ஐ வெப்பநிலை சார்ந்து வகையிட்டால் −ΔS வரும். இரண்டு மறைக்குறிகளும் ஒன்றையொன்று நீக்கிவிடும். மூன்றாவது சமன்பாட்டில் T க்கு 25 என்று செல்சியஸில் போட்டால் ΔH −213.2 ஆகும். பார்ப்பதற்கு நியாயமாகவே இருக்கும், அதனால்தான் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. படித்திறனுக்கு மட்டும் செல்சியஸும் கெல்வினும் ஒன்றே.

கடைசியாகச் செறிவு. மேலே வந்த −21.4 அட்டவணையின் நியமப் பெறுமானத்தோடு பொருந்துவது, இரு கரைசல்களும் ஒரே செறிவில் இருப்பதால். 100 cm³ இல் 12.5 g செப்பு சல்பேற்று ஐந்நீரேற்று, இன்னொரு 100 cm³ இல் 14.4 g நாக சல்பேற்று எழுநீரேற்று எடுத்தால் இரண்டும் 0.5 mol dm⁻³. செறிவுகள் சமமாக இல்லாவிட்டால் ΔS இல் −R ln Q என்ற உறுப்பும் சேரும். நாக அயனின் உயிர்ப்பு செப்பு அயனினுடையதில் பத்தில் ஒரு பங்கானால் அந்த உறுப்பு +19.1 J K⁻¹ mol⁻¹. அதாவது −21 ஐ ஏறக்குறைய முழுதாக அழித்துவிடும். E வெப்பநிலையோடு அசையவே அசையாது. இந்தச் சல்பேற்றுகளில் செறிவு கூடக் கூட உயிர்ப்புக் குணகம் இறங்குவதால், செறிவைப் பத்து மடங்கு வேறுபடுத்தினாலும் உயிர்ப்பு அவ்வளவு வேறுபடாது, விளைவும் கணிசமாகக் குறையும். ஆனால் போகும் திசை அதுவே. தட்டையான கோடு வந்ததும் பல்மானியைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன், போத்தல்களின் சுட்டிகளில் உள்ள செறிவுகளைப் பாருங்கள்.