ஃப்ளாஸ் செய்ததும் ஈறில் ரத்தம்: என் அனுபவம்

முதல் நாள் பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூலை விட்டதுமே வாஷ்பேசினில் ரத்தம். ஈறைக் கிழித்துவிட்டேன் என்று பயந்து நிறுத்திவிட்டேன். அது தப்பு. பிரஷ் எட்டாத இடுக்கில் படியும் கிருமிப் படலம் ஈறை வீங்க வைத்திருக்கும். வீங்கிய ஈறு தொட்டாலே கசியும்.

அம்மாபேட்டையில் இருக்கும் அக்கா சொல்லித்தான் மறுபடி தொடங்கினேன். நூலை வெடுக்கென்று இறக்கினால் ஈறு நிஜமாகவே வெட்டுப்படும். அதனால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து இறக்கி, பல்லை அணைத்தாற்போல் வளைத்து, ஈறு விளிம்புக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழுமாகத் தேய்த்தேன். தினமும் இரவில். பத்து நாளில் ரத்தம் நின்றது, கீழ் வலது கடைவாய்ப் பற்களின் இடுக்கைத் தவிர. அங்கே விட்ட நூல் நாறவும் செய்தது.

மூன்றாவது வாரமும் நிற்காததால் ஐந்து ரோடு பக்கம் ஒரு பல் டாக்டரிடம் போனேன். அளவு குறித்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார். மற்ற இடங்களில் 2, 3 மி.மீ.; அங்கே மட்டும் 5. எக்ஸ்ரேயில் எலும்பும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"3 வரைக்கும் சரிங்க. இவ்வளவு ஆழம்னா நூல் அடி வரைக்கும் போகாதுங்க" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு, வேரில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். இரண்டு மாதம் கழித்து அளந்தபோது 3, ரத்தமும் இல்லை. ஆனால் இறங்கிய எலும்பு தானாகத் திரும்பாதாம். இன்னொன்றும் சொன்னார்: புகைபிடிப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும்.